அசிட்டனிலைடின் மீள்படிகமாக்கல்: கரைப்பான் தேர்வும் உருகுநிலைச் சான்றும்

பழுப்பேறிய 2.00 கிராம் அசிட்டனிலைடைத் தூய்மைப்படுத்தி, கிடைத்த படிகங்களின் தூய்மையை உருகுநிலையைக் கொண்டு மதிப்பிடுவது இச்சோதனையின் நோக்கம்.

கரைப்பானைத் தேர்ந்தெடுக்க, மூன்று சோதனைக்குழாய்களில் 50 மில்லிகிராம் வீதம் மாதிரியை இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கரைப்பானை 1 மி.லி. சேர்த்தேன். எத்தனாலில் அது அறை வெப்பநிலையிலேயே கரைந்துவிட்டதால், ஆறவைத்தாலும் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடும் என்று அதை விலக்கினேன். ஹெக்சேனில் கொதிக்கவைத்தும் கரையவில்லை. நீரில் மட்டும் குளிர்ந்த நிலையில் கரையாமல் கிடந்து, கொதிநிலையில் முழுதும் கரைந்து, ஆறியதும் மினுங்கும் தகடுகளாகப் பிரிந்தது. 100 மி.லி. நீரில் 25 °C-இல் ஏறத்தாழ 0.5 கிராமும் கொதிநிலையில் ஏறத்தாழ 5.5 கிராமும் கரையும் என்ற வேறுபாடே நீரைத் தகுந்ததாக்குகிறது.

முதலில் 30 மி.லி. கொதிநீர் சேர்த்தபோது குடுவையின் அடியில் எண்ணெய்த் துளிகள் உருண்டன. அவை மாசு அல்ல. நீர் கலந்து உருகிய அசிட்டனிலைடே. அப்படியே ஆறவிட்டால் துளிகள் மாசை உள்ளிழுத்துக்கொண்டு கட்டியாகிவிடும் என்பதால், துளிகள் மறையும்வரை சூடான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். மொத்தம் 42 மி.லி. தேவைப்பட்டது. கொதிப்பு அடங்கியபின் சிறிது செயலூட்டிய கரி இட்டு, மீண்டும் சூடாக்கி, சூடாக வடிகட்டி, மெதுவாக ஆறவிட்டுப் பின் பனிக்கட்டியில் வைத்தேன். 1.56 கிராம் (78%) கிடைத்தது.

தூய்மையாக்கும் முன் மாதிரி 106–111 °C-இல் உருகியது. வடித்த அன்றே எடுத்த படிகங்கள் 109–112 °C காட்டின. இரவு முழுதும் உலர்த்தியபின் அதே படிகங்கள் 113–114 °C-இல் உருகின. எனவே நடுவில் கண்ட தாழ்வுக்குக் காரணம் எஞ்சிய ஈரமே. உருகிய திரவத்தில் கலக்கும் எந்தப் பொருளும், அதற்குத் தனியே உயர்ந்த உருகுநிலை இருந்தாலும், உருகுநிலையைக் கீழே இழுத்து வீச்சை அகலமாக்கும். ஒப்பிட்டுப் பார்க்க 122 °C-இல் உருகும் பென்சாயிக் அமிலத்தைச் சம அளவு கலந்தபோது, அக்கலவை 90 °C-ஐ எட்டுமுன்பே ஈரமாகி இளகத் தொடங்கியது. நம்பகமான அசிட்டனிலைடுடன் சம அளவு கலந்த மாதிரியோ தாழ்வின்றி 113–114 °C-இலேயே உருகியது. ஏற்கப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 114 °C என்பதால், பொருள் அசிட்டனிலைடே என்பதற்கு இக்கலப்பு உருகுநிலையை வலுவான சான்றாகக் கொள்கிறேன். இறுதி அளவீடுகள் அனைத்தும் நிமிடத்திற்கு 1–2 °C வேகத்தில் சூடாக்கி எடுக்கப்பட்டவை.

ஆனால் குறுகிய வீச்சு மட்டும் போதாது. உருகிய திரவத்தில் கரையாத மணலோ உப்போ உருகுநிலையைத் தாழ்த்தாது. ஆகவே உருகிய பொருளை நுண்குழாயில் கைலென்ஸ் கொண்டு பார்த்தேன். துகள் ஏதுமின்றித் தெளிவாக இருந்தது. சிறிதளவு படிகத்தை உலோகக் கரண்டியில் எரித்தபோதும் சாம்பல் மிஞ்சவில்லை.