‘கண்மாய்க்கரைக் குறிப்புகள்’ நூல் வெளியீட்டு விழா ஏற்புரை

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், அறுவடை நேரத்தில் வேலையை விட்டுவிட்டு மானாமதுரை வரை வந்திருக்கும் என் ஊர்க்காரர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இது என் முதல் புத்தகம். வாசகர்களுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன்பே இதற்கு வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள். முதல் ஆள் எங்கள் ஊர் நீர்பாய்ச்சி பெரியப்பா. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாததால் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடை பற்றிய பகுதி வந்ததும் நிறுத்தச் சொல்லி, “மண்வெட்டியால ஒரு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு அடைக்கிறதுன்னு எழுதியிருக்கியே, எந்த மண்ணுன்னு எழுதலையே?” என்று கேட்டார். வரப்பில் இருந்து வெட்டக் கூடாதாம், புல் வேரோடு இருக்கிற மண்ணாக இருந்தால்தான் தண்ணீர் அரிக்காமல் நிற்குமாம். அந்த வரி இப்போது புத்தகத்தில் இருக்கிறது. பெரியப்பா, உங்களுக்கு என் முதல் நன்றி.

அடுத்து எங்கள் ஊர் நூலகர். கைப்பிரதியை மேசையில் வைத்து, வருகிறவர்களை எல்லாம் படிக்க வைத்தார். ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்த பல பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்களில் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து கிளம்பும் முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

சரி, யாருக்கான புத்தகம் இது? காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள், அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்வெட்டு ஆராய்ச்சிக்காக வருகிறவர்களுக்கு இதில் தீனி குறைவு. 1895-ல் பெரியாறு அணை வந்த வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கும் வேறு நல்ல நூல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகச் சொல்வார்கள். நான் எழுதியிருப்பது வானம் பார்த்த சில கண்மாய்களைப் பற்றி மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான் என்று நிற்கிற கண்மாய்கள்.

கரையில் நடக்கும்போது எது மடை, எது கலுங்கு, வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றும் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். எட்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே படிக்கலாம். கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல் மதகான குமிழித்தூம்பு பற்றிய அத்தியாயத்தை அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதினேன். தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல் தூண்கள், அடியில் ஒரு கல் தொட்டி, மேலே தண்ணீர் புகும் நீரோடித் துளை, கீழே வண்டல் வெளியேறும் சேறோடித் துளை. ஒரு மனிதர் நீரில் இறங்கி அடைப்பைத் தூக்கினால், பாசனமும் தூர்வாரலும் ஒரே வேலையாக நடந்துவிடும். இன்றைக்கும் என்னை மலைக்க வைக்கிற பொறியியல் அது. எந்தப் பக்கத்தை விட்டாலும் அந்தப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள்.

ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன். கரையைப் பலப்படுத்துகிறோம், உள்வாயில் மண் அள்ளுகிறோம். ஆனால் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் வரத்துக்காலை விட்டுவிடுகிறோம். தண்ணீர் வர வழியில்லாத கண்மாயை எவ்வளவு ஆழமாக்கி என்ன பயன்? மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர். ஆகவே பக்கத்து ஊரோடு உட்கார்ந்து பேசாமல் இந்த வேலை ஆகாது. ஆறாவது அத்தியாயம் முழுக்க இதைப் பற்றித்தான்.

அப்புறம், ஊரை விட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள். உங்கள் நிலம் எந்த மடைப் பாசனத்தில் இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதற்கு ஒரு சாக்காக இந்தப் புத்தகம் உதவினால் எனக்கு அதுவே போதும்.

எழுத நேரம் ஒதுக்கித் தந்த என் வீட்டாருக்கும், பொறுமையாகப் பிழை திருத்திய பதிப்பாளருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புத்தகத்தின் முடிவில் நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர், மடைகளின் பெயர்கள், மறுகால் போய்ச் சேரும் இடம் ஆகியவற்றை அதில் எழுதி, ஒரு நகலைப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் உங்கள் பெயரோடு சேர்க்கிறோம். வாசலில் விற்பனை மேசை இருக்கிறது, மாணவர்களுக்குப் பாதி விலை. சாப்பாடு பின்பக்கப் பந்தலில். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நன்றி, வணக்கம்.