இருபது மாதத்தில் படுத்த பேட்டரி: ஸ்கூட்டர் டீலருக்கு ஒரு புகார்க் கடிதம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

அனுப்புநர்:
மு. செந்தில்குமார்,
சென்னிமலை, பெருந்துறை வட்டம்,
ஈரோடு மாவட்டம் 638051.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
மின்சார ஸ்கூட்டர் விற்பனை மற்றும் சர்வீஸ் நிலையம்,
பெருந்துறை ரோடு, ஈரோடு.

நாள்: 7.7.2025

பொருள்: 23.10.2023 அன்று உங்களிடம் வாங்கிய மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி வாரண்டி காலத்துக்குள் பழுதானது. வாரண்டியில் மாற்றித் தரக் கோருவது.

ஐயா,

வணக்கம். 2023ஆம் வருடம் ஆயுத பூஜையன்று உங்கள் ஷோரூமில் நான் வண்டி எடுத்தேன். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியை நீங்களேதான் என் கையில் கொடுத்தீர்கள். ஆன்ரோடு விலை ரூ. 1,28,400. கடன் வாங்காமல் முழுத் தொகையும் கட்டினேன். பேட்டரிக்கு மூன்று வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை வாரண்டி என்று வாரண்டி புத்தகத்தின் 17ஆம் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கு வண்டிக்கு இருபது மாதம் முடிந்து இரண்டு வாரம். ஓடியது 14,216 கிலோமீட்டர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வாரண்டி முடிந்துவிடவில்லை: 22.10.2026 வரை இருக்கிறது.

நான் பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வர, பையனை டியூஷனில் விட்டுக் கூட்டி வர, நாளைக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுவேன். தொழில் புத்தி விடாது என்பதால் ஒவ்வொரு முழு சார்ஜுக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் ஒரு முழு சார்ஜுக்கு 88 கிலோமீட்டர். ஒரு வருடம் கழித்து 79. அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டரி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத்தான் செய்யும். ஆனால் 2025 மார்ச்சில் 61, மே மாதம் 44, ஜூன் முதல் வாரம் 31. இப்படிச் சரிவது தேய்மானம் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

ஜூன் 12 வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலை முடித்து வரும்போது ஈங்கூர் ரயில் நிலையம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. திரையில் 38 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன மேடு ஏறியதும் அது 9 ஆகி, அடுத்த நிமிடம் எல்லாமே அணைந்தது. லைட்டும் இல்லை. பின்னால் லாரி வரும் ரோட்டில் லைட் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் குட்டியானையைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன். வாடகை ரூ. 900.

16ஆம் தேதி உங்கள் சர்வீஸில் விட்டேன். ஒன்பது நாள் வைத்திருந்து, 25ஆம் தேதி “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு, இனி பிரச்சினை இல்லை” என்று ரூ. 1,180 வாங்கிக்கொண்டு கொடுத்தீர்கள். மூன்றாம் நாள், 28ஆம் தேதி, மறுபடியும் நின்றது. அன்று 41 சதவீதம் காட்டியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

30ஆம் தேதி திரும்பக் கொண்டு வந்தேன். உங்கள் மெக்கானிக் தம்பி லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். நல்ல பையன், எதையும் மறைக்காமல் திரையைக் காட்டினார், போட்டோவும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். திரையில், பேட்டரியில் மிச்சமிருக்கும் திறனைக் காட்டும் SOH 61% என்று இருந்தது. பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் பதினான்கு செல் தொகுப்புகளில் பதின்மூன்று 3.58 வோல்ட்டிலிருந்து 3.61 வோல்ட்டுக்குள் நின்றன. ஒன்று மட்டும் 3.04. “இந்த ஒண்ணுதாங்ணா மத்ததையும் சேத்துக் கவுக்குது” என்றார். அதுதான் நடக்கிறது. எல்லாத் தொகுப்பும் ஒன்றன் பின் ஒன்றாக இணைந்திருப்பதால், பலவீனமான ஒன்று அடிமட்ட வோல்ட்டைத் தொட்டதும் பேட்டரியைக் காவல் காக்கும் மின்பலகை மொத்தத்தையும் துண்டித்துவிடுகிறது. மற்ற பதின்மூன்றில் சார்ஜ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. மேடு ஏறும்போது கரண்ட் அதிகம் இழுப்பதால் அங்கே வந்து நிற்கிறது. திரை 38 காட்டியும் வண்டி நின்றதற்குக் காரணம் இதுதான். சாஃப்ட்வேரை மாற்றினால் கெட்ட செல் நல்ல செல் ஆகாது.

உங்கள் வாரண்டி புத்தகத்தின் அதே 17ஆம் பக்கத்தில், வாரண்டி காலத்துக்குள் பேட்டரியின் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்தோ மாற்றியோ தரப்படும் என்று இருக்கிறது. உங்கள் லேப்டாப்பே 61 என்கிறது. பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அரை மணி நேரம் கழித்து நீங்கள் வெளியே வந்து சொன்னது வேறு. “பேட்டரிக்குள்ள தண்ணி போயிருக்குதுங்ணா. வாரண்டில வராது. புதுசு போடோணும்னா அறுபத்திரண்டாயிரம் ஆகும்.” சரி, அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். “அதெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்லைங்ணா” என்றீர்கள். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

தண்ணீர் போனது எப்படித் தெரிந்தது? அன்று யாரும் பேட்டரியைத் திறக்கவில்லை. மூடியின் மேல் ஒட்டியிருக்கும் கம்பெனி சீல் கிழியாமல் அப்படியே இருக்கிறது. கிளம்புவதற்கு முன் உங்கள் மெக்கானிக் முன்னாலேயே அதைப் போட்டோ எடுத்தேன். திறக்காத பெட்டிக்குள் தண்ணீரைப் பார்த்த கண் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அப்படியே போயிருந்தாலும், உங்கள் விளம்பரத் தாளில் இந்த பேட்டரிக்கு IP67 தரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் புகுந்து கெடுக்கக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் வண்டியோடு காலிங்கராயன் வாய்க்காலில் இறங்கவில்லை. ஜூனில் எங்கள் பக்கம் காற்றுதான் அடிக்கும், அடைமழை ஏது? வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய துணியும்தான். இந்த வண்டி மேல் பம்ப் வைத்து வேகமாகத் தண்ணீர் அடித்த ஒரே இடம் உங்கள் சர்வீஸ் ஷெட். மூன்று இலவச சர்வீஸிலும் ‘வாட்டர் வாஷ்’ என்று ஜாப் கார்டில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நான்காவது சர்வீஸ் பதினோரு நாள் தள்ளிப் போனதையும் அன்று சொன்னீர்கள். உண்மைதான், என் அத்தை தவறிய நேரம் அது. பதினோரு நாள் தாமதத்தால் பதினான்கில் ஒரே ஒரு செல் தொகுப்பு மட்டும் எப்படிக் கெடும்? ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டீர்களா என்றும் கேட்டீர்கள். நீங்கள் கொடுத்த சார்ஜர், நீங்கள் சொன்ன மாதிரி வண்டி நின்று அரை மணி நேரம் ஆறிய பிறகு, நிழலில் சார்ஜ். என் நோட்டின்படி இதுவரை இருநூறு முழு சார்ஜ்கூட ஆகவில்லை.

“கம்பெனில இருந்து அப்ரூவல் வரோணும், எங்க கையில ஒண்ணும் இல்லை” என்பது உங்கள் கடைசிப் பேச்சு. உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நான் பணம் கட்டியது உங்களிடம். பில்லில் இருப்பது உங்கள் கடை முத்திரை, உங்கள் ஜிஎஸ்டி எண். கம்பெனியிடம் அனுமதி வாங்குவது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான வேலை. அவர்களுடைய வாடிக்கையாளர் பிரிவுக்கும் இந்தக் கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். பேட்டரியை வாரண்டியில், கட்டணம் இல்லாமல், புதியதாக மாற்றித் தர வேண்டும். பழசையே ஒட்டுப் போட்டுத் திருப்பித் தர வேண்டாம். பிரச்சினையைத் தீர்க்காத சாஃப்ட்வேர் வேலைக்கு வாங்கிய ரூ. 1,180ஐயும், வண்டியை ஏற்றி வந்த வாடகை ரூ. 900ஐயும் திருப்பித் தர வேண்டும். மாற்றித் தர மறுத்தால், என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள், அதை எந்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தீர்கள் என்று கடையின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும். தண்ணீர் என்றால் தண்ணீர் என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. பேட்டரியைப் பரிசோதனைக்குத் திறப்பதானால் என்னை முன்கூட்டியே கூப்பிட்டு, என் முன்னால் சீலைப் பிரிக்க வேண்டும். 16ஆம் தேதியும் 30ஆம் தேதியும் உங்கள் லேப்டாப்பில் எடுத்த பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் உங்களையும் தயாரிப்பாளரையும் சேர்த்து மனு போடுவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருக்கிறது. தண்ணீர் போனதா இல்லையா என்பதை அவர்களே சொல்லட்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன்.

அவ்வளவு தூரம் போக எனக்கும் விருப்பமில்லை. என் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் உங்களிடம்தான் வண்டி எடுத்திருக்கிறார்கள், அவர்களும் தினமும் என்னிடம் “என்னாச்சுங்க?” என்று கேட்கிறார்கள்.

வண்டி இப்போது என் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. வண்டியை எடுத்துப் போக ஆள் அனுப்புவதானால் மாலை ஆறு மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் இருக்கும் கைபேசி எண்ணில் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
மு. செந்தில்குமார்

இணைப்பு: பில், வாரண்டி புத்தகத்தின் 17ஆம் பக்கம், விளம்பரத் தாள், ஜாப் கார்டுகள், ரூ. 1,180க்கான ரசீது, குட்டியானை வாடகைச் சீட்டு, கிலோமீட்டர் நோட்டு ஆகியவற்றின் நகல்கள்; லேப்டாப் திரையும் சீலும் தெரியும் போட்டோக்கள் நான்கு. அசல்கள் என்னிடம் உள்ளன.

நகல்: தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு.