ஆண்டுப் பணி மதிப்பீட்டுக் குறிப்பு: உமா, கணக்காளர், மாட்டுங்கா அலுவலகம்

காலம்: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை
எழுதுபவர்: கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்
பார்வைக்கு: அண்ணாச்சி, நிர்வாகப் பிரிவு, உமா

அண்ணாச்சி, போன வருடப் படிவத்தில் உமாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "அடிக்கடி லீவு, பொறுப்பு போதாது." எந்த வேலை, எந்தத் தேதியில், எப்படிக் கெட்டது என்று அதில் எதுவும் இல்லை. அதனால் இந்த முறை பதிவேட்டையும் டாலியையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் தரம்: 5க்கு 4

கொள்முதல் பில் சரிபார்ப்பில் நம் பிரிவில் இவருக்கு நிகர் ஆள் இல்லை. ஆகஸ்டில் வாஷி மார்க்கெட் பருப்பு வியாபாரி ஒருவரின் பில் இரண்டு தடவை பதிவாகியிருந்தது. ஒரு பதிவில் பில் எண்ணுக்கு நடுவே சாய்கோடு, இன்னொன்றில் சிறுகோடு. எண் வேறாகத் தெரிந்ததால் டாலி இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. லாரி எண்ணும் எடையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துப் பணம் போவதற்கு முன்பே நிறுத்தியவர் உமா. அதோடு விடாமல், பில் எண்ணை எப்படிப் பதிய வேண்டும் என்று ஒரு முறையை எழுதி குடோன் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மாதிரி இரட்டைப் பதிவு வரவில்லை.

இன்னொன்று, சிறு உற்பத்தியாளர்களுக்குத் தர வேண்டிய பாக்கி. பாக்கெட் பையும் அட்டைப்பெட்டியும் செய்து தருகிறவர்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. யார் யார் உத்யம் பதிவு வைத்திருக்கிறார்கள், யாரிடம் ஒப்பந்தம் இருக்கிறது என்று போன் போட்டு விசாரித்து, பிப்ரவரியிலேயே பட்டியல் போட்டுத் தந்தார். யாரும் கேட்டு வாங்கிய வேலை இல்லை அது. ஆடிட்டர் வந்தபோது அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்.

கெடு காத்தல்: 5க்கு 3

ஜிஎஸ்டிஆர்-3பி பன்னிரண்டு மாதமும் 20ஆம் தேதிக்குள் போய்விட்டது. டிடிஎஸ் பணமும் தவறவில்லை. ஜிஎஸ்டிஆர்-1 பதினோரு மாதம் சரி, ஒரு மாதம் தவறியது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும் வேலைதான் இங்கே குறை. மாதம் 10ஆம் தேதிக்குள் முடிய வேண்டியது, மூன்று மாதம் 20ஐத் தாண்டியது. அதில் இரண்டு மாதம் அவர் விடுப்பு அதிகம் எடுத்த மாதங்கள், அந்த வேலையை வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்கவும் இல்லை. ஆனால் செப்டம்பரில் அவர் எடுத்தது ஒரே நாள் விடுப்பு. அந்தத் தாமதத்தை விடுப்பின் கணக்கில் எழுத முடியாது. அலுப்பான வேலை என்று கடைசிக்குத் தள்ளி வைக்கிறார், அவ்வளவுதான். நேரில் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை. ஒரு மதிப்பெண் குறைந்தது இதற்காக.

வேலையை ஒப்படைத்தல்: 5க்கு 2

அக்டோபர் மாத ஜிஎஸ்டிஆர்-1, நவம்பர் 11க்குள் போக வேண்டும். அன்று திங்கள்கிழமை. உமா திங்களும் செவ்வாயும் வரவில்லை. திங்கள் காலையிலேயே வாட்ஸ்அப்பில் தகவல் கொடுத்துவிட்டார், விடுப்பும் அனுமதிக்கப்பட்டது. வாஷி குடோனின் இரண்டு கிரெடிட் நோட்டுகள் பதிவாகாமல் அவருடைய கோப்பில் இருந்தன. சனிக்கிழமை கிளம்பும்போது அதைப் பற்றி எங்கேயும் குறிப்பு வைக்கவில்லை. இணையதளக் கடவுச்சொல்லும் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் புதன்கிழமை வந்துதான் தாக்கல் செய்தார்.

விளைவு உங்களுக்கே தெரியும். 11ஆம் தேதிக்குப் பிறகு ஏறிய பில்கள், வாங்கியவர்களின் அந்த மாத ஜிஎஸ்டிஆர்-2பியில் வராது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். செம்பூர், சயான் ஓட்டல்காரர்கள் வரிசையாகப் போன் செய்து, "எங்க இன்புட் எங்கே?" என்று கேட்டார்கள்.

இதில் உமாவின் தவறு எது? வராமல் இருந்தது அல்ல. கெடு நெருங்கும்போது கையில் எது நிலுவை என்று எழுதி வைக்காதது. வீட்டிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத நிலையில் இருப்பவர் இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருந்திருக்க வேண்டும். அதே நேரம், சட்டப்படி கெடு உள்ள ஒரு வேலையின் சாவி ஒரே ஆளிடம் இருந்தது பிரிவின் ஏற்பாட்டுக் குறை. காய்ச்சல் வந்து யார் படுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். முழுப் பழியையும் அவர் தலையில் கட்டாமல் 1க்குப் பதில் 2 போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். டிசம்பர் முதல் தினமும் கிளம்பும் முன் நிலுவைக் குறிப்பு வைக்கிறார். மார்ச் வரை நான் பார்த்ததில் விட்டுப்போகவில்லை.

பழகும் முறை: 5க்கு 4

பாக்கிக்காகப் பேசும்போது குரலை உயர்த்தாமல், விடாமல் பேசுவார். மராத்தி, இந்தி இரண்டும் சரளம். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

வருகை: மதிப்பெண் இல்லை, பதிவு மட்டும்

இந்த வருடம் எடுத்த விடுப்பு 38 நாள். கணக்கில் இருந்த சம்பள விடுப்பு 26, சம்பளமில்லா விடுப்பு 12. இதில் 31 நாளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், 5 நாளுக்கு அன்று காலையில் சொன்னார். மீதி 2 நாள் மதியம் வரை தகவல் இல்லை. அந்த 2 நாள் குறித்து அப்போதே பேசியாயிற்று, பிறகு அப்படி நடக்கவில்லை. காரணம் குடும்ப மருத்துவத் தேவை. சான்றுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கு, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்பதை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. இந்தக் காகிதம் எத்தனையோ பேர் கைக்குப் போகும். மதிப்பீட்டுக்கு அது தேவையும் இல்லை.

படிவத்தில் வருகைக்கும் 5 மதிப்பெண் இருக்கிறது. அதை நிரப்பவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். நமக்கும் பொருந்தும் 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வருடத்துக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு தருகிறது. வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று ஈட்டிய விடுப்பும் உண்டு. அந்த விடுப்பை நாமே அனுமதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வருடக் கடைசியில் அதையே குற்றமாகக் காட்டுவது சரியில்லை. சம்பளமில்லாத 12 நாளுக்குச் சம்பளம் ஏற்கெனவே பிடித்தாயிற்று. இன்கிரிமென்ட்டிலும் கை வைத்தால் ஒரே நாளுக்கு இரண்டு பிடித்தம்.

இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டதாகவும் நினைக்க வேண்டாம். மேலே குறைத்த இடங்களில் குறைத்துத்தான் இருக்கிறேன். "இவ்வளவு கஷ்டத்திலும் வேலைக்கு வருகிறார்" என்ற மாதிரி வரி எதுவும் இதில் வராது. அப்படி எழுதினால் அவர் கண்டுபிடித்த இரட்டை பில்லை யாரும் பார்க்க மாட்டார்கள், வீட்டுக் கதையைத்தான் பார்ப்பார்கள்.

மொத்த மதிப்பு: நன்று

இன்கிரிமென்ட்: பிரிவில் மற்றவர்களுக்குப் போடும் அதே சதவீதம் போடப் பரிந்துரைக்கிறேன்.

சீனியர் பதவிக்கு இந்த ஏப்ரலில் பரிந்துரைக்கவில்லை. வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பதும் வேலை ஒப்படைப்பும் ஆறு மாதம் தவறாமல் நடக்க வேண்டும். அக்டோபரில் திரும்பப் பார்க்கலாம். அப்போதும் விடுப்பு நாள்களை எண்ணி முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து.

முருகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்டோபர் முதல் சயான் கிளைப் பில்களை உமாவிடமிருந்து அவருக்கு மாற்றினோம். கூடுதல் வேலையை முணுமுணுக்காமல் செய்கிறார். ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதன் சுமை இன்னொருவர் முதுகில் சத்தமில்லாமல் ஏறிவிடக் கூடாது. அவருடைய படிவத்தில் இதைத் தனியாகக் குறித்து, அதற்கான படியும் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வருட ஏற்பாடு

ஜிஎஸ்டி இணையதளக் கடவுச்சொல் உமா, முருகன் இருவரிடமும் இருக்கும். ஓடிபி வரும் அலுவலக செல்போன் என் மேசையில் இருக்கும். மாதத் தொடக்கத்திலேயே தெரிந்த விடுப்பு நாள்களை உமா காலண்டரில் குறித்துவிடுவார். திடீரென்று எடுக்கும் விடுப்புக்கு ஒரு போனோ வாட்ஸ்அப் செய்தியோ போதும், காலை 10 மணிக்குள். கெடு நாள்களான 7, 11, 20 ஆகிய தேதிகளில் விடுப்பு கூடாது என்று சொல்லவில்லை. அந்த வேலைகள் இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி நாள்களில் அரை நாள் டோம்பிவிலி வீட்டிலிருந்தே டாலியில் வேலை பார்க்க அனுமதி கேட்கிறேன். போக வர ரயிலில் போகிற நேரமாவது மிஞ்சும். ஜூன் வரை பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

உமாவுக்கு

உமா, இதில் உள்ள எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்கக் கூடாது. எல்லாமே அந்தந்த நேரத்தில் பேசியதுதான். தேதியோ எண்ணிக்கையோ தவறாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். மதிப்பெண்ணில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் கீழே உள்ள இடத்தில் உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், அதுவும் இதோடு சேர்ந்தே கோப்பில் போகும். வீட்டு நிலவரத்தை அதில் எழுத வேண்டியதில்லை. அப்புறம், போன வருடத்து அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்குத் தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அதன் நகல் இந்தப் படிவத்தின் பின்னால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.