அசல் உதிரிப்பாகமும் எழுத்திலான பற்றுச்சீட்டும் கோரல்

சி. தவராசா,
வெல்லாவெளி,
மட்டக்களப்பு மாவட்டம்.
02.09.2025

முகாமையாளர் அவர்கட்கு,
அதிகாரம் பெற்ற உழவு இயந்திர விற்பனை முகவர் நிலையம்,
திருகோணமலை வீதி,
மட்டக்களப்பு.

ஐயா,

இரு சக்கர உழவு இயந்திரத்துக்கான அசல் உதிரிப்பாகங்களும் முறையான பற்றுச்சீட்டும் தொடர்பாக

2017 ஆம் ஆண்டு தை மாதத்தில் உங்கள் நிலையத்தில் இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்றை வாங்கினேன். அன்று நீங்கள் தந்த பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வயல் உறுதியோடு சேர்த்து ஒரே பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறேன். அப்படி ஒரு தாள் கையில் இல்லாததால் இந்த ஆண்டு எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கேட்கப்போவது ஏன் என்பது அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

கடந்த பங்குனியில் எஞ்சின் நீலப் புகை தள்ளத் தொடங்கியது. காலையில் பத்துத் தடவை சுற்றினாலும் எடுக்காது. ரிங் தேய்ந்துவிட்டது என்று ஊர் மெக்கானிக் சொன்னார். உங்களிடம் விசாரித்தபோது கையிருப்பில் இல்லை, இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். நவகிரிக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் நாள் நெருங்கிவிட்டது. காத்திருக்க முடியாமல் நகரத்தில் வேறொரு கடையில் ரிங் தொகுதி, ஹெட் காஸ்கட், ஓயில் சீல் மூன்றையும் 14,500 ரூபாவுக்கு வாங்கினேன். பெட்டியின் நிறமும் சின்னமும் உங்களிடம் உள்ளதைப் போலவே இருந்தன. எழுத்துகளின் ஓரத்தில் மை பரவியிருந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

மூன்றாவது கிழமை, சேற்று உழவின் நடுவில் ரிங் ஒடிந்தது. ஒடிந்த துண்டு லைனரைக் கீறி, பிஸ்டனின் பக்கத்தையும் தின்றுவிட்டது. மூன்றரை ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் உழுதபடி, மற்றது உழாதபடி. மிச்சத்தைக் கூலிக்கு அடிப்பித்து விதைத்தேன். தண்ணீர் முறைப்படி வருகிறது. எனக்காக அது காத்திருக்காது. பிந்தி விதைத்த துண்டில் நெல் மணி பிடிக்கும் காலத்தில் தண்ணீர் போதவில்லை. அந்த 14,500 ரூபாவை விட அந்த விளைச்சல்தான் எனக்குப் பெரிய இழப்பு.

ஒடிந்த ரிங்கை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். "இதை எங்களிடம்தான் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது பெட்டி மட்டையில் கிழித்த ஒரு துண்டு. அதில் கூட்டுத்தொகை மட்டும் எழுதியிருந்தது. கடையின் பெயரில்லை, திகதியில்லை, என்ன சாமான் என்றும் இல்லை. பேச்சிழந்து திரும்பி வந்தேன்.

இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த ஆடி மாதம் என் மகன் உங்கள் நிலையத்தில் ஒரு நொசிலும் ஓயில் பில்டரும் வாங்கி வந்தான். கணினி வேலை செய்யவில்லை என்று சொல்லி, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் 7,800 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நொசில் வந்த பெட்டியும் ஏற்கெனவே திறந்திருந்ததாம். வேலை செய்தவர் அவசரத்தில் இருந்திருக்கலாம். அவரைக் குற்றஞ்சாட்ட நான் எழுதவில்லை. ஆனால் அதிகாரம் பெற்ற முகவரிடமும் இதே துண்டுச் சீட்டுதான் கிடைக்கும் என்றால், பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி, கல்லடிப் பாலமும் தாண்டித் தேடி வருவதில் எனக்கு என்ன பயன்? கூடுதலான விலையைக் கொடுப்பதே இது உண்மையான சாமான் என்று ஒருவர் பொறுப்பேற்பார் என்பதற்காகத்தான்.

இப்போது எனக்கு வேண்டியவை: லைனர், அதன் அடியில் போடும் ரப்பர் வளையங்கள், ஸ்டாண்டர்ட் அளவுப் பிஸ்டன், பின், ரிங் தொகுதி, கனெக்டிங் ரொட் பேரிங், ஹெட் காஸ்கட், கிராங் ஓயில் சீல். ரப்பர் வளையத்தைச் சின்னச் சாமான் என்று நினைத்து வேறு எதையாவது தந்துவிட வேண்டாம். அது பிடிக்காவிட்டால் தண்ணீர் ஓயிலில் இறங்கி, ஓயில் பால் போல வெளுத்து, புதுப் பேரிங்கும் போய்விடும். இயந்திரத்தின் மாதிரியில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, எஞ்சின் உடலில் பொறித்திருக்கும் இலக்கத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு சாமானும் நிறுவனத்தின் உறை பிரிக்கப்படாமல் வந்து, என் முன்னால் திறக்கப்பட வேண்டும். ஏதாவது ஒன்று இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், நான் காத்திருப்பேன். பெரும்போக உழவுக்கு ஐப்பசி மழை வரும் வரை எனக்கு நேரம் இருக்கிறது. "இதுவும் அதைப் போலத்தான்" என்று வேறு தயாரிப்பை மாற்றித் தர வேண்டாம். வேறு தயாரிப்புத்தான் வேண்டுமென்றால் நான் பெயர் சொல்லிக் கேட்பேன், அதற்குரிய விலையையும் கொடுப்பேன்.

பற்றுச்சீட்டில் உங்கள் நிலையத்தின் பெயரும் முகவரியும், திகதி, ஒவ்வொரு சாமானின் பெயர், உதிரிப்பாக இலக்கம், எண்ணிக்கை, தனித்தனி விலை ஆகியவை இருக்க வேண்டும். உத்தரவாதம் உண்டென்றால் எத்தனை மாதம் என்பதையும், இல்லையென்றால் இல்லை என்பதையும் அதிலேயே எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வையுங்கள். கணினியில் ஆங்கிலத்தில் வந்தால் பக்கத்தில் தமிழில் பேனையால் சாமானின் பெயரை எழுதித் தந்தால் போதும். நான் வயலில் நிற்கும்போது என் மனைவிதான் தாள்களைத் தேடி எடுப்பவர். அவருக்கும் விளங்க வேண்டும். வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலும் இருக்கிறது. அதைக் காட்டி உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை. எட்டு ஆண்டுகளாக உங்கள் வாடிக்கையாளனாக இருப்பவன் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் வாங்கிய நொசிலைப் பற்றியும் ஒரு முடிவு வேண்டும். நொசில் டீசலைப் புகை போலத் தூவாமல் சொட்டவிட்டால் பிஸ்டனின் தலையே கருகிவிடும். அது அசல்தானா என்று தெரியாமல் புதுப் பிஸ்டனை அதன் கீழ் வைக்க எனக்கு மனமில்லை. அதையும் கொண்டு வருகிறேன். உங்கள் மெக்கானிக் பரிசோதித்து, உங்கள் நிலையத்தில் விற்ற அசல் சாமான்தான் என்றால் அதற்கும் வாங்கிய திகதியிட்டு ஒரு பற்றுச்சீட்டுத் தாருங்கள். அசல் இல்லையென்றால் மாற்றித் தாருங்கள்.

வரும் 15 ஆம் திகதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பணத்துடன் நேரில் வருவேன். கீறல் விழுந்த லைனரையும் பிஸ்டனையும் அளவு பார்க்கக் கொண்டு வருகிறேன். பார்த்த பின் அவற்றை என்னிடமே திருப்பித் தந்துவிடுங்கள். அதற்கு முன், எந்தச் சாமான் கையிருப்பில் உள்ளது, ஒவ்வொன்றும் என்ன விலை என்பதை மேற்கண்ட முகவரிக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பினால், அதற்கேற்ற தொகையை எடுத்து வர எனக்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
சி. தவராசா

இணைப்பு: எஞ்சின் இலக்கத்தின் பென்சில் பிரதி, 2017 ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டின் நிழற்பிரதி, 7,800 ரூபா என்று எழுதிய கலண்டர் தாளின் நிழற்பிரதி.