விலை மாற்றம்: வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு

அன்புடையீர், வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் நம் மெஸ்ஸில் சில பதார்த்தங்களின் விலையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. இட்லி ஒன்று 10 ரூபாயிலிருந்து 12, சாதா தோசை 45-லிருந்து 50, மதியம் அளவில்லாச் சாப்பாடு 100-லிருந்து 115. பொங்கல், வடை, காபி, டீ பழைய விலைதான்.

காரணத்தை உங்களிடம் சொல்லிவிடுவதே முறை. சட்னிக்கும் கூட்டுக்கும் நாளொன்றுக்கு நாற்பது தேங்காயாவது உடைக்கிறோம். போன வருடம் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய தேங்காயை இப்போது 65-க்கு வாங்குகிறோம். கடலை எண்ணெயும் 19 கிலோ சிலிண்டரும் ஏறியிருக்கின்றன. இரண்டு மாதம் முன்பு சமையல் மாஸ்டர் முதல் மேசை துடைப்பவர் வரை எல்லோருக்கும் சம்பளம் கூட்டினோம். விலை உயர்வில் அதற்கும் பங்குண்டு. அவர்கள் உழைப்புக்கு அது நியாயமான கூலி.

தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலையை அதிகம் சேர்த்தோ, பொரித்த எண்ணெயை மறுநாளும் அடுப்பேற்றியோ செலவைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை. இட்லியின் அளவும் குறையாது. சாம்பார், சட்னி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.

மாத டோக்கன் வாங்கியிருப்பவர்கள் கையிலுள்ள டோக்கன் தீரும் வரை கூடுதலாக எதுவும் தர வேண்டாம். விடுதி மாணவர்களுக்கும் தினமும் வரும் பெரியவர்களுக்கும் இது பாரம்தான் என்பதை அறிவோம். அவர்களுக்கு இரவு டிபனில் மட்டும் இந்த மாதக் கடைசி வரை பழைய விலையே. கல்லாவில் சொன்னால் போதும்.

கேட்க வேண்டியது எதுவானாலும் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர் மற்றும் ஊழியர்கள்