அப்பாவின் யூரின் டியூப்: பார்த்துக்கொள்பவர்களுக்கு

தம்பி, ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு மாதம் அப்பா உங்களோடு இருப்பார். ஏழு மாதமாக இந்த டியூபோடு பழகியதில் தெரிந்துகொண்டதை எழுதியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் படித்துவிட்டு, கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அப்பாவுக்குப் போட்டிருப்பது 16 அளவு சிலிக்கான் டியூப். உள்முனையில் 10 மில்லி தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் இருக்கிறது. அதுதான் டியூபை சிறுநீர்ப்பைக்குள் பிடித்து நிறுத்துகிறது. பலூனோடு இழுபட்டால் மூத்திர வழியே கிழிந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். அதனால் தொடையில் பட்டை எப்போதும் இருக்கட்டும், டியூப் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். பட்டையை தினமும் கால் மாற்றிக் கட்டுங்கள். வெளிமுனையில் பிரிந்து நிற்கும் வண்ண மூடி பலூனுக்கானது. அதைத் தொடவே வேண்டாம்.

பை எந்நேரமும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. கட்டிலின் ஆடாத சட்டத்தில் மாட்டுங்கள். தூக்கி இறக்கும் கம்பியில் மாட்டினால் இழுத்துவிடும். ஒருமுறை வீல்சேருக்கு மாற்றும்போது கை போதாமல் பையை அவர் மடியில் வைத்துவிட்டேன். குழாயில் நின்ற மூத்திரம் திரும்பி உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். கிருமி உள்ளே போக அதைவிட நல்ல வழி வேண்டாம். இப்போதெல்லாம் முதலில் பையைக் காலி செய்வேன், அதை வீல்சேரின் கீழ்க்கம்பியில் மாட்டுவேன், அப்புறம்தான் அப்பாவை எழுப்புவேன்.

பை 2 லிட்டர் பிடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்துவிடுங்கள், கனம் கூடினால் டியூபை இழுக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கிளவுஸ் மாட்டிக்கொண்டு, அளவு ஜாடியில் பிடியுங்கள். வால்வு முனை ஜாடியில் இடிக்கக்கூடாது. முடிந்ததும் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து வால்வை மூடுங்கள். மூடியதை இன்னொருமுறை பாருங்கள்: நான் மறந்த ராத்திரி கட்டிலடியில் குளம்! அளவையும் நிறத்தையும் நோட்டில் எழுதிவிட்டு மறுபடி கை கழுவுங்கள்.

டியூபும் பையும் சேரும் இடத்தை, பை மாற்றும் நாள் தவிர கழற்றாதீர்கள். குளிக்க வைக்கும்போதும் இணைப்பு அப்படியே இருக்கட்டும்.

தினமும் காலையிலும், மலம் கழித்த பிறகும், டியூப் நுழையும் இடத்தை சாதா சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவுங்கள். முன்தோலை மெதுவாகப் பின்தள்ளிக் கழுவி, துடைத்து, மறக்காமல் பழையபடி முன்னால் இழுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும், அப்புறம் ஆஸ்பத்திரிதான். டியூபை உடம்புப் பக்கமிருந்து வெளியே நோக்கித் துடையுங்கள். பவுடர், டெட்டால் எதுவும் வேண்டாம். இந்த வேலையின்போது கதவைச் சாத்திவிடு. அவர் சொல்ல மாட்டார், ஆனால் கூச்சப்படுகிறார்.

இதயம், கிட்னிக்காக அப்பாவுக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குடல் நிறைந்தால் டியூபை அமுக்கி அடைக்கும்.

பையில் மூத்திரமே இறங்கவில்லையா? குழாய் மடங்கியிருக்கிறதா, அவர் அதன்மேல் படுத்திருக்கிறாரா, பை கீழே இருக்கிறதா என்று பாருங்கள். புரட்டிப் படுக்க வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நான்கு மணி நேரம் சொட்டுக்கூட இல்லையென்றால், அல்லது அடிவயிறு உப்பி வலித்தால் அதற்கு முன்பே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சிரிஞ்சில் தண்ணீர் அடித்து நீங்களே அடைப்பெடுக்க வேண்டாம். "மூத்திரம் வருது" என்று அவர் அடிக்கடி சொல்வது பலூன் உறுத்துவதால் இருக்கலாம். பையில் இறங்கிக்கொண்டிருந்தால் பயமில்லை.

இவற்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள்: 100.4-க்கு மேல் காய்ச்சல், நடுக்கம், இடுப்பு வலி, கட்டிகட்டியாக ரத்தம், டியூபைச் சுற்றி நிற்காத கசிவு, டியூப் வெளியே வந்துவிடுவது. வந்துவிட்டால் திரும்பச் செருக முயலவே கூடாது. வயதானவர்களுக்கு நோய்த்தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். போன தடவை அப்பா என்னைப் பார்த்து "நீ யாரம்மா?" என்றார். தூக்கக் கலக்கம் என்று அரை நாள் வீணடித்தேன். கலங்கலும் நாற்றமும் மட்டும் இருந்தால் உடனே ஆன்டிபயாடிக் தேட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். டெஸ்டுக்குப் பையிலிருந்து மூத்திரம் பிடித்துக் கொடுக்காதீர்கள்.

பையை ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாற்றுகிறேன். ஆறு புதுப் பை நீலப் பெட்டியில் இருக்கிறது. டியூப் மாற்ற வேண்டிய தேதி 18. மாற்றுவது நர்ஸ் வேலை, முந்தின நாளே போன் செய்து நேரம் வாங்கிவிடு.