மலையில் விழுந்த மழை: மேடைப் பேச்சுப் பிள்ளைகளுக்கான நாப்பயிற்சி

தமிழ் மொழித்தினப் போட்டிக்குப் பேச்சு எடுத்திருக்கும் பிள்ளைகளே, இந்தத் தாளைத் தினமும் காலையில் வாய்விட்டு வாசியுங்கள். மனத்துக்குள் வாசித்தால் நாக்குக்கு ஒரு வேலையும் இல்லை. முற்றத்தில் நின்று, பக்கத்து லயத்துக்குக் கேட்கும் குரலில் சொல்லுங்கள்.

முதலில் வேகத்தை மறந்துவிடுங்கள். எழுத்து சிதையாமல் மெதுவாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. வேகமாகச் சொல்லி ‘மழை’யை ‘மளை’ ஆக்குவதைவிட, ஆமை வேகத்தில் ‘மழை’ என்றே சொல்வது மேல். வீட்டில் எப்படிப் பேசினாலும் குறை இல்லை, அது நம் பேச்சு. மேடையில் எழுத்துத் தமிழைக் கையில் எடுத்தால், அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்று எழுத்துகளுக்கும் நாக்கு போகும் இடம் இதுதான். ‘ல’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்வாய்ப் பல்லின் அடியைத் தொடும். ‘ள’ சொல்லும்போது நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கும் நுனி அப்படியே வளையும், ஆனால் அண்ணத்தில் ஒட்டாது. தொல்காப்பியமும் ழகரத்தை ளகரத்தோடு சேர்க்காமல் ரகரத்தோடு சேர்த்து, நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் என்கிறது. வருடுவது வேறு, அழுத்துவது வேறு. நம் பிள்ளைகளில் பலர் அழுத்திவிடுகிறார்கள், அதனால்தான் ‘ழ’ ‘ள’ ஆகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ‘ள்’ என்று சொல்லி, நாக்கை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு வாயால் மூச்சை உள்ளே இழுங்கள். நாக்கின் இரு பக்கங்களிலும் குளிர் தெரியும். இப்போது ‘ழ்’ சொல்லி அதேபோல் இழுங்கள். குளிர் நடு நாக்கில் ஓடும். நம் ஊர்க் காலைக் குளிரில் இது நன்றாகவே தெரியும். நடுவில் குளிராவிட்டால் நீங்கள் சொன்னது ‘ழ’ இல்லை.

இனி முதல் தொடர். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மும்முறை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

காலை மழை, மாலை மழை, மலை முழுதும் கொழுத்த மழை.
மலைமேல் விழுந்த மழை மளமளவெனக் கீழே வழிய,
வழியெல்லாம் வழுக்கல், வழுக்கலில் வள்ளியின் கால் வழுக்கல்.
வழுக்கிய வள்ளி விழவில்லை, விழாத வள்ளி அழவில்லை,
அழாத வள்ளி கிள்ளிய கொழுந்தில் ஒரு தளிரும் கீழே விழவில்லை.
கிள்ளிய கொழுந்து கூடையில், கூடையின் கயிறு தலையில்.
தலை தாழவில்லை, தாளாத குளிரிலும் வள்ளி தளரவில்லை.
தளராத வள்ளி கிள்ளிய இலை ஏழாம் நாள் ஏலத்தில் ஏறும் இலை.
ஏலத்தில் இலைக்கு விலை ஏறியும் ஏழை வள்ளிக்குக் கூலி ஏறவில்லை.

நாலாவது வரியில்தான் எல்லோரும் தடுக்குவார்கள். ‘வழுக்கிய வள்ளி விழவில்லை’ என்பதில் நாக்கு வளைந்து வருடி, வளைந்து தொட்டு, மறுபடி வருடி, கடைசியில் பல்லடிக்கு ஓடி வர வேண்டும். அதை இப்படிப் பிரித்துக் கட்டுங்கள்: வழு. வள். வழு, வள். வழுக்கிய வள்ளி. விழ. வில்லை. விழவில்லை. வழுக்கிய வள்ளி விழவில்லை. ஏழாவது வரியில் ‘தாழ’, ‘தாளா’, ‘தளர’ மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே மூச்சு வாங்கலாம், ஆனால் ‘தாளாத’ என்ற சொல்லின் நடுவில் வாங்காதீர்கள்.

கடைசி வரியை ஓட்டமாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். அம்மா கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வரியின் பாரம் தெரியும். ‘ஏறவில்லை’ என்று நிறுத்தும்போது சபை கேட்க வேண்டும்.

அடுத்தது ரயில் பாதை. இடையிலுள்ள பல நிலையங்களை விட்டு, லகர ளகரம் மாறி மாறி வரும் பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வட்டவளை கழிந்தால் கொட்டகலை, கொட்டகலை கழிந்தால் தலவாக்கலை,
தலவாக்கலை கழிந்து தொலைவில் ஹப்புத்தளை,
ஹப்புத்தளை கழிந்தால் தியத்தலாவை, தியத்தலாவை கழிந்தால் பண்டாரவளை,
பண்டாரவளை கழிந்தால் எல்ல, எல்ல கழிந்தால் பதுளை எல்லை,
பதுளைக்கு அப்பால் தண்டவாளம் இல்லை.

வளை, கலை, தளை என்று முடியும் இந்தப் பெயர்களை ரயிலிலும் பஸ்ஸிலும் கேட்டே வளர்ந்திருக்கிறோம். பொருள் யோசிக்க வேண்டாத பெயர்கள் என்பதால் கவனம் முழுவதும் ஒலியில் நிற்கும். இதை முன்னும் பின்னுமாகச் சொல்லிப் பாருங்கள். பதுளையிலிருந்து வட்டவளைக்குத் திரும்பி வருவது கடினம்.

ரகர றகரத்துக்கு இது:

நிரையில் இறங்கியவர் நிறைய நிறையப் பறித்தார்.
பறித்ததன் நிறை குறையவில்லை, குறையாத நிறைக்கு அரைப் பேர் போட்டார்.
அரைப் பேர் போட்டவர் அறைக்குள்ளே மறைந்தார்,
மறைந்தவரை நிரையில் இருந்தவர் மறக்கவில்லை.

‘நிரை’யில் நாக்கு ஒரே தட்டு, ‘நிறை’யில் அழுத்தமான அதிர்வு. ‘அரைப் பேர்’ என்றால் என்ன என்று தோட்டத்துக்கு வெளியே யாராவது கேட்டால், பாதி நாள் சம்பளம் என்று விளக்குங்கள்.

றகரம் இரட்டித்தால் இது:

நேற்று ஆற்றங்கரைக் காற்றில் ஆற்றிய தேநீர் ஆறிற்று.
ஆறிய தேநீரை ஆறு பேர் ஆறுதலாய் அருந்தினர்.

‘காற்று’ இங்கே ‘காத்து’ ஆகக் கூடாது. நுனி பல்லில் படாமல், பல்லுக்கு மேலே ஈறில் படட்டும்.

னகர ணகரத்துக்கு ஒரே வரி போதும்: பனியில் பணிக்குப் போன அண்ணன், பணி முடிந்தும் பனி தணியவில்லை என்றான்.

முதல் வாரம் மெதுவாக. இரண்டாம் வாரம் சாதாரணப் பேச்சு வேகம். மூன்றாம் வாரம், எழுத்து சிதையவில்லை என்று இன்னொருவர் கேட்டுச் சொன்ன பிறகு மட்டும் வேகம் கூட்டுங்கள். அந்த இன்னொருவர் நண்பனாக இருந்தால் சிரித்துவிடுவான். அப்பாயியிடமோ அக்காவிடமோ தாளைக் கொடுத்து, தவறிய எழுத்தின் கீழ் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரே எழுத்தின் கீழ் கோடுகள் கூடினால் அந்த எழுத்து வரும் வரியை மட்டும் மறுநாள் எடுங்கள், தாள் முழுவதையும் அல்ல.

போட்டியன்று காலையில் புதிதாக எதையும் பழகாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் நின்று ரயில் பாதையை ஒருமுறை மெதுவாகச் சொல்லுங்கள். பெயரைக் கூப்பிட்டதும் போய்ப் பேசுங்கள்.